மாத முடிவில் உறையும் பில்லிங் மென்பொருள்: நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

"மாதக் கடைசியில் சாப்ட்வேர் உறைந்துபோகிறது. நோயாளிகள் காத்திருக்கிறார்கள். மிக அவசரம். உடனே சரிசெய்யவும்." மருத்துவமனையின் பில்லிங் பிரிவிலிருந்து மென்பொருள் நிறுவனத்துக்குப் போகும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த நான்கு வாக்கியங்களில் முடிந்துவிடுகின்றன. இரண்டாம் தேதி காலையில் நிறுவனத்தின் பொறியாளர் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைந்து பார்க்கிறார். அப்போது எல்லாம் ஓடுகிறது. "இப்போது சரியாக இருக்கிறது, மீண்டும் வந்தால் தெரிவிக்கவும்" என்று புகாரை முடித்துவைக்கிறார். அடுத்த மாதக் கடைசியில் அதே கூத்து.

இதில் பொறியாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. மாதத்தில் ஒரு மாலைப்பொழுதில் மட்டும் தலைகாட்டும் கோளாறு அது. அந்த மாலையில் அவர் அங்கே இல்லை. அங்கே இருந்தவர் பில்லிங் எழுத்தர் மட்டுமே. ஆகவே அந்த மாலையில் எந்தக் கணினியில், எத்தனை மணிக்கு, எந்தப் பொத்தானை அழுத்தியபோது என்ன நடந்தது என்பதைப் பொறியாளர் கையில் கொடுப்பதுதான் கடிதத்தின் வேலை. அந்தக் கடிதத்தை எழுதுவதற்கான வழிமுறை இது. கடிதத்தின் பாதி, கோளாறு நடக்கும்போதே எழுதப்படுகிறது. எனவே அங்கிருந்து தொடங்குவோம்.

முதலில்: பிழை தெரியும் கவுண்டர் வேறு, காரணம் இருக்கும் கவுண்டர் வேறு

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். முதல் கவுண்டரில் இருப்பவர் மாதக் கணக்கை முடிக்கும் திரையைத் திறந்து பொத்தானை அழுத்துகிறார். திரை உறைகிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. சற்று நேரத்தில் மூன்றாம் கவுண்டரில் டிஸ்சார்ஜ் பில் போடுபவருக்குப் பிழைச் செய்தி வருகிறது. கடிதம் எழுதும்போது கையில் கிடைத்த பிழைச் செய்தியை மட்டும் வைத்து, "மூன்றாம் கவுண்டரில் டிஸ்சார்ஜ் பில் சேமிக்க முடியவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். பொறியாளர் டிஸ்சார்ஜ் பில் திரையை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்கிறார். அங்கே ஒன்றுமில்லை.

நடந்தது இதுதான். மாதக் கணக்கு முடிப்பு என்பது அந்த மாதத்தின் ஒவ்வொரு பில்லிலும் "முடிக்கப்பட்டது" என்ற குறியைப் போடும் வேலை. குறி போடும்போது தரவுத்தளம் அந்தந்த வரியைப் பூட்டிக்கொள்ளும், வேலை முழுவதும் முடிந்த பிறகே விடுவிக்கும். SQL Server என்ற தரவுத்தளத்தில் ஒரு வழக்கம் உண்டு: ஒரே கட்டளை ஓர் அட்டவணையில் ஏறத்தாழ 5,000 பூட்டுகளைத் தாண்டினால், வரிவரியாகப் பூட்டுவதை விட்டுவிட்டு அட்டவணை முழுவதையும் பூட்ட முயலும். பேரேட்டின் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக்கொண்டிருந்தவர், விரல் போதாமல் பேரேட்டையே மூடித் தன் கையில் வைத்துக்கொள்வது போல. அதன் பிறகு வேறு யாரும் அதில் புது வரி எழுத முடியாது. அன்றாடக் கணக்கு முடிப்பில் நூற்றைம்பது, இருநூறு பில்கள்தான் இருக்கும் என்பதால் இந்த நிலை வருவதில்லை. மாத முடிவில் வருகிறது.

மூன்றாம் கவுண்டர், பேரேடு கைக்கு வரட்டும் என்று காத்திருக்கிறது. பல பில்லிங் மென்பொருள்கள் எழுதப்படும் டாட்நெட் சூழலில், ஒரு கட்டளைக்கு இயல்பாக வைக்கப்பட்டிருக்கும் காத்திருப்பு எல்லை 30 விநாடி. அது கடந்ததும் மூன்றாம் கவுண்டர் பிழை காட்டிவிடும். முதல் கவுண்டருக்கு ஏன் பிழை வரவில்லை? நீண்ட வேலை என்று தெரிந்து, நிரல் எழுதியவர் அந்தத் திரைக்கு மட்டும் எல்லையை எடுத்துவிட்டிருப்பார். அது எவ்வளவு நேரமானாலும் பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

மாத முடிவில் வரும் எல்லா உறைதலுக்கும் இதுவே காரணம் என்று சொல்லவில்லை. எல்லாத் தரவுத்தளமும் இப்படி நடந்துகொள்வதும் இல்லை. ஆனால் இந்த ஒரு காரணத்தைத் தெரிந்துவைத்திருந்தால், குறித்துக்கொள்ள வேண்டியவை எவை, ஏன் என்பது தானாகவே விளங்கும். கடிதத்தில் இந்த விளக்கத்தை எழுதக் கூடாது. காரணம் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. நம் ஊகத்தை எழுதினால், அது தவறு என்று மறுப்பதிலேயே அவர்களுடைய பதில் கடிதம் முடிந்துவிடும்.

உறையும் நேரத்தில்: ஒரு தாள், ஒரு கடிகாரம்

மாத முடிப்பைத் தொடங்கும் முன்பே ஒரு தாளை எடுத்து மேசையில் வையுங்கள். எல்லாக் கவுண்டரிலும் உள்ளவர்களிடம் சொல்லிவையுங்கள்: "எதாவது நின்றால் மணியைப் பார்த்துக் குறித்துவையுங்கள்." விநாடி வரை குறிப்பது நல்லது. கணினியின் மூலையில் தெரியும் கடிகாரம் விநாடியைக் காட்டாவிட்டால் கைபேசியைப் பயன்படுத்தலாம், ஆனால் அதற்கும் கணினிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை ஒருமுறை பார்த்துத் தாளின் மேலே எழுதிவிடுங்கள். சர்வரின் பதிவேட்டில் ஒவ்வொரு நிகழ்வும் நேரத்தோடுதான் இருக்கிறது. நாம் தரும் நேரம் மூன்று நிமிடம் தள்ளியிருந்தால் பொறியாளர் வேறு நிகழ்வைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு வரியிலும் நான்கு விவரங்கள் போதும்: நேரம், கணினியின் பெயர், திரையும் பொத்தானும், நடந்தது என்ன. கணினியின் பெயர் தெரியாவிட்டால் கட்டளைத் திரையில் இதைத் தட்டினால் வரும்:

```
hostname
```

"கவுண்டர் 3" என்பது நமக்குத் தெரியும் பெயர். சர்வரின் பதிவேட்டில் இருப்பது `BILL-03` போன்ற பெயர். இரண்டையும் எழுதுங்கள்.

பொத்தானை அழுத்தியதிலிருந்து பிழைச் செய்தி வரும்வரை எத்தனை விநாடி என்பதைத் தனியாகக் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் சரியாக 30 விநாடி என்றால், காத்திருப்பு எல்லை முடிந்துதான் செய்தி வருகிறது என்பது பொறியாளருக்கு அந்த ஓர் எண்ணிலேயே தெரிந்துவிடும். ஒருமுறை 4 விநாடி, ஒருமுறை 50 விநாடி என்று மாறினால் அவர் வேறு பக்கம் தேடுவார்.

இன்னொன்றையும் பாருங்கள், பலரும் இதைத் தவறவிடுகிறார்கள்: அந்த நேரத்தில் எது வேலை செய்தது? புது நோயாளியைப் பதிவு செய்யும் திரை ஓடியதா? மருந்தகப் பில் ஓடியதா? பில் சேமிப்பு மட்டும் நின்று, நோயாளிப் பதிவு வழக்கம்போல் ஓடியது என்றால் நெட்வொர்க்கும் சர்வரும் நன்றாகத்தான் இருக்கின்றன. இதை எழுதாவிட்டால் "உங்கள் நெட்வொர்க்கைச் சரிபாருங்கள்" என்ற பதில் வருவது ஏறக்குறைய உறுதி.

பிழைச் செய்தி: முதல் வரி போதாது

கீழே இருக்கும் இரண்டு செய்திகளைப் பாருங்கள்.

```
Timeout expired. The timeout period elapsed prior to
completion of the operation or the server is not responding.
```

```
Timeout expired. The timeout period elapsed prior to
obtaining a connection from the pool. This may have occurred
because all pooled connections were in use and max pool size
was reached.
```

தொடக்கம் ஒன்றே. கடிதத்தில் "டைம்அவுட் பிழை வந்தது" என்று எழுதினால் இரண்டில் எது என்று யாருக்கும் தெரியாது. முதலாவது, சர்வருக்குக் கட்டளை போய்ச் சேர்ந்து, குறித்த நேரத்துக்குள் வேலை முடியவில்லை என்கிறது. இரண்டாவது, சர்வரோடு பேசுவதற்கு ஓர் இணைப்பே கிடைக்கவில்லை என்கிறது, நிரல் தன் இணைப்புகளைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கும்போது பெரும்பாலும் வருவது. இரண்டுக்கும் மருந்து வேறு. ஆகவே செய்தியை மொழிபெயர்க்காமல், சுருக்காமல், திரையில் உள்ளபடியே ஆங்கிலத்தில் தர வேண்டும்.

அதைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. விண்டோஸின் வழக்கமான செய்திப் பெட்டியாக இருந்தால், அது திரையில் இருக்கும்போது `Ctrl + C` அழுத்தினாலே தலைப்பு, செய்தி, பொத்தானின் பெயர் எல்லாம் எழுத்தாக நகலாகிவிடும். நோட்பேடில் ஒட்டினால் இப்படி வரும்:

```
---------------------------
Billing
---------------------------
Timeout expired. The timeout period elapsed prior to
completion of the operation or the server is not responding.
---------------------------
OK
---------------------------
```

சில மென்பொருள்கள் தாங்களே வடிவமைத்த பெட்டியைக் காட்டும், அங்கே இது பலிக்காது. அப்போது `Windows + Shift + S` கொண்டு திரையைப் படமாக எடுங்கள். `Details` என்ற பொத்தான் இருந்தால் அதைத் திறந்து, உள்ளே உள்ளதையும் எடுத்த பிறகே `OK` அழுத்துங்கள். பெட்டியை மூடிவிட்டால் அந்த விவரம் போனது போனதுதான். கைபேசியில் சாய்வாக எடுத்த, விளக்கொளி விழுந்த படத்தை அனுப்புவது கடைசி வழி. படத்தில் உள்ள எழுத்தைத் தேடுபெட்டியில் போட்டுத் தேட முடியாது என்பதால், படம் அனுப்பினாலும் செய்தியை எழுத்தாகவும் சேர்ப்பதே நல்லது.

End Task அழுத்தும் முன்

சாளரத்தின் தலைப்பில் `(Not Responding)` என்று வந்துவிட்டால் நிரல் செத்துவிட்டது என்று நினைக்கிறோம். விண்டோஸ் சொல்வது அதுவல்ல. அந்தச் சாளரம் ஏறத்தாழ 5 விநாடி எந்தச் சொடுக்குக்கும் பதில் தரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். சர்வரில் வேலை ஓடிக்கொண்டே இருக்கலாம்.

அந்த நிலையில் நிரலை வலுக்கட்டாயமாக மூடினால், சர்வர் அதுவரை செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கத் தொடங்கும். பதினாறு நிமிடம் ஓடிய வேலையைத் திரும்ப எடுக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகலாம், கூடுதலாகவும் ஆகலாம். அது முடியும்வரை பூட்டு விடுபடாது. "மூடிவிட்டுத் திறந்தோம், அப்படியும் சரியாகவில்லை" என்ற புலம்பல் இங்கிருந்துதான் வருகிறது. உடனே மறுபடியும் முடிப்புப் பொத்தானை அழுத்துவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

என்னைக் கேட்டால், முதலில் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைக்க வேண்டும். அந்த நிமிடத்தில் பொறியாளர் சர்வருக்குள் நுழைந்தால், யார் யாரைத் தடுக்கிறார் என்பதை நேரடியாகவே பார்த்துவிடுவார், கடிதத்துக்கே தேவையிருக்காது. அழைப்பு கிடைக்கவில்லை, கவுண்டரில் கூட்டம் நெருக்குகிறது என்றால் மூடத்தான் வேண்டும். மூடிய நேரத்தையும், அதன் பிறகு முதல் பில் வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்ட நேரத்தையும் தவறாமல் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி பொறியாளருக்கு ஒரு பெரிய தடயம்.

உறைந்த நிரல் மூடப்பட்டதை விண்டோஸ் தன் நிகழ்வேட்டில் 1002 என்ற எண்ணில் பதிந்துவைக்கும். முதல் கவுண்டர் கணினியில் பவர்ஷெல் திறந்து இதைக் கொடுத்தால் அந்தப் பதிவுகள் வந்துவிடும்:

```
Get-WinEvent -FilterHashtable @{
  LogName='Application'; ProviderName='Application Hang'
} -MaxEvents 3 | Format-List TimeCreated, Message
```

மருத்துவமனையில் கணினிப் பிரிவு இருந்தால் இதை அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் நிரலின் பெயரும் பதிப்பு எண்ணும்கூட இருக்கும்.

அமைதியான பிறகு: பில்கள் என்ன ஆயின?

நிறுவனத்துக்கு உறைதல்தான் பிரச்சினை. நமக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை கணக்கு. பிழை வந்த ஒவ்வொரு பில்லையும் தேடிப் பாருங்கள். பல மென்பொருள்கள் பில் எண்ணை முதலில் ஒதுக்கிவிட்டுப் பிறகுதான் பில்லைச் சேமிக்கும். சேமிப்பு தோற்றால் எண் மட்டும் செலவாகி, வரிசையில் ஓட்டை விழும். தணிக்கையில் அந்த எண்கள் எங்கே என்று கேட்கும்போது பதில் சொல்லப்போவது பில்லிங் பிரிவுதான். விடுபட்ட எண்களைக் கடிதத்தில் எழுதி, காரணத்தை எழுத்துமூலம் உறுதிசெய்யும்படி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கலாம்: பிழை வந்த பில் உள்ளே பதிவாகியிருக்கும், தெரியாமல் இரண்டாவது முறை போட்டிருப்போம். அதையும் பார்க்க வேண்டும். பாதியில் நின்ற மாத முடிப்பு பாதி பில்களில் மட்டும் முடிப்புக் குறியைப் போட்டுவிட்டதா என்று அறிய, மாதத்தின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களில் ஒவ்வொரு பில்லைத் திறந்து பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

எப்போது உறையவில்லை?

கடிதத்துக்கு வலு சேர்ப்பது இந்த ஒப்பீடுதான். முந்தைய மாதங்களில் எத்தனை பில்கள் இருந்தன, முடிப்பு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை மூன்று, நான்கு மாதங்களுக்கு எடுத்து வையுங்கள். 4,650 பில் வரை நன்றாக ஓடி, 5,720 பில் வந்த மாதத்திலிருந்து நின்றது என்ற ஒரு வரியைப் பார்த்ததும் விஷயம் தெரிந்த பொறியாளர் நிமிர்ந்து உட்காருவார். பில் எண்ணிக்கையும் பூட்டு எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று அப்படியே சமமல்ல, ஆனாலும் எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும். மென்பொருளின் புதுப் பதிப்பு எந்த மாதம் நிறுவப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒப்பீட்டுக்காகப் புதிதாகச் சோதனை செய்து பார்க்க வேண்டாம். அறிக்கை என்றால் தேதியை மாற்றி மாற்றி ஓட்டலாம். கணக்கு முடிப்பு அப்படியல்ல, முடித்த பில்லைத் திறக்க மேலிட அனுமதி வேண்டியிருக்கும். நிறுவனம் எழுத்தில் கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

மறைக்க வேண்டியவை

திரையை எடுத்த படங்களில் நோயாளியின் பெயர், பதிவு எண், கைபேசி எண், நோய்க் குறிப்பு, காப்பீட்டு எண் ஆகியவற்றின் மேல் முழுக் கறுப்புக் கட்டம் போடுங்கள். மங்கலாக்குவது போதாது, சில நேரம் அதை மீட்டுப் படித்துவிட முடிகிறது. பில் எண் மட்டும் போதும். கடவுச்சொல்லை எந்தக் காரணத்துக்காகவும் கடிதத்தில் எழுதாதீர்கள். நிறுவனம் நினைவகப் பதிவுக் கோப்பு கேட்டால் அதை மின்னஞ்சலில் இணைக்கக் கூடாது, திரையில் அந்த நேரம் இருந்த நோயாளி விவரங்களும் அதற்குள் இருக்கும். கணினிப் பிரிவின் வழியாக, ஒப்பந்தத்தில் சொன்ன பாதுகாப்பான முறையில் மட்டுமே தர வேண்டும்.

கடிதம்

மேலே சொன்னவை கையில் இருந்தால் கடிதம் எழுத அரைமணி நேரம்கூட ஆகாது. மாதிரிக்கு ஒன்று. இதில் உள்ள பெயர்களும் எண்களும் எடுத்துக்காட்டுக்காக அமைத்தவை.

அனுப்புநர்:
முதுநிலை எழுத்தர், பில்லிங் பிரிவு, (மருத்துவமனையின் பெயர்)

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் உதவிப் பிரிவு, (மென்பொருள் நிறுவனத்தின் பெயர்)

நாள்: 01.11.2025

பொருள்: `Month End Closing` திரை 31.10.2025 மாலை 6:42-க்கு உறைந்தது – அனைத்துக் கவுண்டர்களிலும் பில் சேமிப்பு சுமார் 28 நிமிடம் நின்றது – தொடர்பாக.

பார்வை: செப்டம்பர் மாத முடிப்பு குறித்து 30.09.2025 அன்று நாங்கள் பதிவு செய்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் பில்லிங் மென்பொருளில் (பதிப்பு 4.2.17) அக்டோபர் மாதக் கணக்கை முடிக்க முயன்றபோது முடிப்புத் திரை உறைந்தது. அதே நேரத்தில் மற்றக் கவுண்டர்களில் பில் சேமிக்க முடியவில்லை. அக்டோபர் மாதம் இன்னும் முடிக்கப்படாமல் இருக்கிறது. நடந்தவை நேர வரிசையில் (கணினிக் கடிகாரப்படி):

18:42:10 – கவுண்டர் 1 (`BILL-01`): `Month End Closing` திரையில் 01.10.2025 முதல் 31.10.2025 வரை தேர்ந்தெடுத்து `Process` அழுத்தினோம். சில விநாடிகளில் தலைப்பில் `(Not Responding)` வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

18:43:05 – கவுண்டர் 3 (`BILL-03`): டிஸ்சார்ஜ் பில்லில் `Save` அழுத்தினோம். 18:43:35-க்கு இணைப்பு 1-இல் உள்ள பிழைச் செய்தி வந்தது.

18:44:20 – கவுண்டர் 2 (`BILL-02`): வெளிநோயாளி பில்லில் `Save` அழுத்தினோம். 18:44:50-க்கு அதே செய்தி.

18:46 – கவுண்டர் 4 (`BILL-04`): புது நோயாளிப் பதிவு தடையின்றிச் சேமிக்கப்பட்டது.

18:51 – தங்கள் உதவி எண்ணை அழைத்தோம். இணைப்பு கிடைக்கவில்லை.

18:58:30 – கவுண்டர் 1: `End Task` மூலம் நிரலை மூடினோம். அதன் பின் முடிப்பு மீண்டும் இயக்கப்படவில்லை.

19:00:00 – கவுண்டர் 3: மீண்டும் `Save`. 19:00:30-க்கு அதே செய்தி.

19:11 – கவுண்டர் 3: பில் சேமிக்கப்பட்டது (எண் 48216). அதன் பிறகு எல்லாக் கவுண்டர்களும் இயல்பாக இயங்கின.

முந்தைய மாதங்களில்: ஜூலை (4,480 பில்கள்), ஆகஸ்ட் (4,650) ஆகியவை சுமார் 2 நிமிடத்தில் முடிந்தன, மற்றக் கவுண்டர்களில் தடை இல்லை. செப்டம்பரிலும் (5,720) அக்டோபரிலும் (6,140) உறைந்தது. ஜூலைக்குப் பிறகு மென்பொருள் பதிப்போ சர்வரோ மாற்றப்படவில்லை.

பில் எண்கள் 48213, 48214, 48215 ஆகிய மூன்றும் பட்டியலில் இல்லை. அந்த எண்களில் ரசீது எதுவும் வழங்கப்படவில்லை. அக்டோபர் 1, 15, 31 தேதிகளின் பில்களைத் திறந்து பார்த்தோம், மூன்றிலும் முடிப்புக் குறி இல்லை.

தாங்கள் செய்து தர வேண்டியவை:
1. அக்டோபர் மாதத்தை முடிக்க, தங்கள் பொறியாளர் சர்வரைக் கண்காணித்தபடி எங்களோடு இணைப்பில் இருக்கும் ஒரு நேரத்தை 03.11.2025-க்குள் குறித்துத் தர வேண்டுகிறோம்.
2. விடுபட்ட மூன்று எண்களுக்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.
3. நவம்பர் மாத முடிப்புக்கு முன் நிரந்தரத் தீர்வு கிடைக்குமா என்பதையும், இல்லையெனில் இடைக்கால வழியையும் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: 1. பிழைச் செய்தி, எழுத்தாகவும் படமாகவும். 2. `BILL-01` கணினியின் நிகழ்வுப் பதிவு 1002.
நகல்: கணினிப் பிரிவு; கணக்குப் பிரிவு.

பொருள் வரியில் "அவசரம்" என்ற சொல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே 28 நிமிடம் என்ற எண் இருக்கிறது. எல்லாக் கடிதங்களிலும் அவசரம் என்று இருப்பதால் அந்தச் சொல்லை யாரும் படிப்பதில்லை. கோரிக்கையில் "விரைவில்" என்று போடாமல் தேதி போட்டிருப்பதும் அதற்காகத்தான். "முடிப்பு மீண்டும் இயக்கப்படவில்லை" என்ற சின்ன வரியையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், 19:00 மணிப் பிழைக்கு இரண்டாவது முறை அழுத்தியதுதான் காரணமா என்ற கேள்வியோடு கடிதம் திரும்பி வரும்.

பதில் வந்த பின்

"எங்கள் அலுவலகத்தில் சோதித்தோம், உறையவில்லை" என்ற பதில் வரக்கூடும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அங்கே ஒரே கணினியில், பக்கத்தில் யாரும் பில் போடாத நேரத்தில், சில நூறு பில்களோடு சோதித்திருப்பார்கள். அந்தச் சூழலில் இது வராது. எத்தனை பில்கள் கொண்ட தரவில், எத்தனை பேர் ஒரே நேரத்தில் பில் போட்டபோது சோதித்தீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

"இரவில் கூட்டம் இல்லாதபோது முடியுங்கள்" என்பது அடுத்து வரும் யோசனை. இடைக்காலத்துக்கு ஏற்கலாம். ஆனால் அவசரப் பிரிவின் பில்லிங் இரவிலும் ஓடும், அங்கே அரைமணி நேரம் பில் நிற்பது ஏற்கத்தக்கதா என்பதை மருத்துவமனை நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும், எழுத்தர் ஒப்புக்கொண்டுவிடக் கூடாது. "காத்திருப்பு எல்லையை 30 விநாடியிலிருந்து 10 நிமிடமாக உயர்த்திவிட்டோம்" என்று வந்தால் இன்னும் கவனமாக இருங்கள். பிழைச் செய்தி மறைந்துவிடும். மூன்றாம் கவுண்டர் 30 விநாடிக்குப் பதில் 10 நிமிடம் உறைந்து நிற்கும்.

மாத பில்களை ஒரே மூச்சில் முடிக்காமல் ஆயிரம், இரண்டாயிரம் என்று பகுதி பகுதியாக முடிக்கும்படி நிரலை மாற்றியிருக்கிறோம் என்று பதில் வந்தால், தீர்வு சரியான திசையில் இருக்கிறது. அப்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: மூன்றாவது பகுதியில் மின்சாரம் போனால், முடிந்த இரண்டு பகுதிகளின் கதி என்ன, மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடருமா? அதற்கான பதிலையும் எழுத்தில் வாங்கிய பிறகு நவம்பர் முடிப்புக்குத் தேதி குறிக்கலாம்.